ரத்தத்தில் ஏறிய பொட்டாசியமும் முதல் சில மணி நேரமும்

மனித உடலில் உள்ள பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளேயே இருக்கிறது. செல்லுக்குள் அதன் செறிவு லிட்டருக்கு ஏறக்குறைய 140 மில்லிமோல். வெளியே, ரத்தத்தில், வெறும் 3.5 முதல் 5 வரைதான். ஒவ்வொரு செல்லின் சவ்விலும் உள்ள ஒரு புரதம் பொட்டாசியத்தை ஓயாமல் உள்ளே இழுத்து, சோடியத்தை வெளியே தள்ளி இந்த வித்தியாசத்தைக் காத்துவருகிறது. இதயத் தசை ஒவ்வொரு முறை துடிப்பதற்கும் வேண்டிய மின்சாரம் இந்த வித்தியாசத்திலிருந்தே பிறக்கிறது. உள்ளே இருப்பதோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பமான அளவு வெளியே கூடினாலும் இதயத்தின் மின்னோட்டம் தடுமாறுகிறது. ரத்தத்தில் 4 ஆக இருப்பது 7 ஆனால் உயிருக்கே ஆபத்து.

சாப்பாட்டின் வழியாக தினமும் வரும் பொட்டாசியத்தில் பெரும்பகுதியைச் சிறுநீரகங்கள்தான் வெளியேற்றுகின்றன. நல்ல சிறுநீரகம் உள்ளவர் இரண்டு இளநீர் குடித்தாலும் நான்கு வாழைப்பழம் சாப்பிட்டாலும் சில மணி நேரத்தில் கணக்கு நேராகிவிடும். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே சேர்வதில் பெரும்பகுதி உடலிலேயே தங்குகிறது. ரத்த அழுத்தத்துக்கும் இதயப் பலவீனத்துக்கும் தரப்படும் எனலாப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் பொட்டாசியம் வெளியேறுவதைக் குறைப்பவை. அவற்றோடு மூட்டுவலிக்கென்று டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையும் சேர்ந்தால், ஓரளவு பழுதான சிறுநீரகம் தடுமாறிப்போகும். உடலுக்கு நல்லது என்று கடையில் வாங்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரக நோயாளியின் வீட்டுச் சமையலறையில் இதைப் பற்றி யாரும் எச்சரித்திருப்பதில்லை.

பொட்டாசியம் ஏறுவதற்குத் தெளிவான அறிகுறி கிடையாது. கால் துவண்டு நடக்க முடியவில்லை, உடம்பெல்லாம் சோர்வாக இருக்கிறது, நாடி மெதுவாக ஓடுகிறது என்று நோயாளி வருவார். சிலருக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் சிறுநீரக நோயாளி ஒருவர் சோர்வு என்று சொல்லிக்கொண்டு அவசரப் பிரிவுக்குள் வந்ததும், ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் முதலில் ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள்.

ஈ.சி.ஜி. தாளில் ஒரு துடிப்பு மூன்று பகுதிகளாகத் தெரியும். முதலில் வரும் சிறிய மேடு பி அலை. அது இதயத்தின் மேல் அறைகளில் மின்னோட்டம் பரவுவதைக் காட்டுகிறது. அடுத்து வரும் கூர்மையான கோடு க்யூ.ஆர்.எஸ். அது கீழ் அறைகளில் பரவுவது. கடைசியாக வரும் டி அலை, கீழ் அறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரம். தாள் வழக்கமான வேகத்தில் ஓடும்போது ஒரு சிறு கட்டம் 0.04 விநாடி. க்யூ.ஆர்.எஸ். இரண்டரைக் கட்டத்துக்குள் முடிவது இயல்பு. மூன்று கட்டத்தைத் தொட்டுவிட்டால் அகன்றுவிட்டது என்று பொருள்.

பொட்டாசியம் ஏறும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது டி அலை. செல் தயாராவது வேகமாக நடப்பதால், அகலமாகவும் சாய்வாகவும் இருக்க வேண்டிய அலை, அடி குறுகி, இருபுறமும் ஒரே சரிவாக, கூடாரம் போல நிமிர்ந்து நிற்கும். மார்பின் மேல் வைத்த லீடுகளில் இது தெளிவாகத் தெரியும். அளவு மேலும் ஏறினால் செல்லில் சோடியம் நுழையும் வாய்கள் பாதி அடைபட்டு மின்னோட்டம் மெதுவாகிறது. பி அலைக்கும் க்யூ.ஆர்.எஸ்ஸுக்கும் உள்ள இடைவெளி நீள்கிறது, பி அலை தட்டையாகிக் கடைசியில் காணாமல் போகிறது, க்யூ.ஆர்.எஸ். அகலுகிறது. அகன்ற க்யூ.ஆர்.எஸ்ஸும் உயர்ந்த டி அலையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேலும் கீழுமாக ஒரே சீராகப் போகும் ஒரு நெளிகோடாக மாறினால் இதயம் நிற்பதற்கு நிமிடங்கள்தான் மீதம். அதற்குப் பிறகு கீழ் அறைகள் துடிக்காமல் வெறுமனே அதிரும், அல்லது கோடு தட்டையாகிவிடும்.

பாடப்புத்தகத்தில் இந்த மாற்றங்கள் படிப்படியாக எழுதப்பட்டிருக்கும். நோயாளியின் இதயம் அந்த வரிசையைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. டி அலை உயராமலே ஒருவருக்கு நாடி 35-க்கு இறங்கி மயக்கம் வரலாம். 7-க்கு மேல் இருந்தும் ஈ.சி.ஜி. ஏறக்குறைய இயல்பாகத் தெரியலாம். நீண்டகாலமாக அளவு ஏறியே இருப்பவர்களுக்கு இப்படி நடப்பதுண்டு. ஆகவே ஈ.சி.ஜி.யில் மாற்றம் இருந்தால் உடனே சிகிச்சை தொடங்க அதுவே போதுமான காரணம். மாற்றம் இல்லை என்பது அபாயம் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால், தாள் எப்படி இருந்தாலும் அது அவசர நிலைதான்.

சில நேரம் ரத்தத்தில் இல்லாத பொட்டாசியம் அறிக்கையில் தோன்றும். கட்டுப்பட்டையை இறுக்கி நெடுநேரம் வைத்து, கையை மூடித் திறக்கச் சொல்லி, மெல்லிய ஊசியால் வேகமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து உள்ளே இருப்பது வெளியே கொட்டிவிடும். ஊதா மூடிக் குழாயில் உறையாமல் வைப்பதற்கு உள்ள மருந்தே ஒரு பொட்டாசிய உப்புதான். அதிலிருந்து சிறிதளவு வேறு குழாயில் கலந்தாலும் அளவு பொய்யாக ஏறும். அந்தத் தவறு நடந்திருந்தால் அதே அறிக்கையில் கால்சியம் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருக்கும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். சந்தேகம் இருந்தால் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். ஆனால் ஈ.சி.ஜி.யில் மாற்றம் தெரியும் நோயாளிக்கு இரண்டாவது அறிக்கை வரட்டும் என்று மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது.

சிகிச்சை எப்படிப் போகும் என்பதற்கு, அவசரப் பிரிவுகளில் வழக்கமாக வரும் வகையிலான ஒரு நோயாளியை எடுத்துக்கொள்ளலாம். வயது 54. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். ஊர்த் திருவிழாவுக்குப் போனதில் ஒரு முறை தவறிவிட்டது. வெயிலுக்கு இளநீரும் குடித்திருக்கிறார். காலையில் எழுந்தபோது கால் ஊன்ற முடியவில்லை. 9:40-க்கு அவசரப் பிரிவுக்குத் தூக்கி வருகிறார்கள். நாடி 44. ஈ.சி.ஜி.யில் பி அலை இல்லை, க்யூ.ஆர்.எஸ். ஐந்து கட்டம், டி அலை உயரமாக நிற்கிறது. ரத்த வாயுப் பரிசோதனைக் கருவி சில நிமிடங்களில் பொட்டாசியம் 7.6 என்று சொல்கிறது. விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 108.

மருத்துவர் உத்தரவு எழுதுவதற்குள் செவிலியர் செய்துவிட வேண்டியவை சில உண்டு. நோயாளியை மானிட்டரில் இணைத்து, மின்னதிர்ச்சிக் கருவியைக் கட்டில் பக்கம் நகர்த்திக்கொள்கிறார். அடுத்தது நரம்பில் ஊசி போடுவது. டயாலிசிஸ் நோயாளியின் ஒரு கையில் ஃபிஸ்டுலா இருக்கும். அந்தக் கையில் ஊசி ஏற்றவோ ரத்த அழுத்தப் பட்டை சுற்றவோ கூடாது. மறு கையில் முழங்கைக்கு அருகே பெரிய நரம்பாகப் பார்த்து இரண்டு வென்ஃபிளான் போடுவது நல்லது. அடுத்து வரப்போகும் மருந்துகளுக்குத் தனித்தனி வழி வேண்டும் என்பதே காரணம்.

முதல் மருந்து கால்சியம். லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் 1880-களில் தவளை இதயத்தை வைத்துச் செய்த சோதனைகளில், பொட்டாசியம் அடக்கிப்போட்ட துடிப்பைக் கால்சியம் மீட்டெடுக்கும் என்று கண்டார். இன்று கட்டில் ஓரத்தில் நடப்பதும் அதே காரியம்தான். கால்சியம் ரத்தத்தில் உள்ள பொட்டாசியத்தைத் துளிகூடக் குறைக்காது. இதயச் செல்லின் சவ்வை அந்த அளவைத் தாங்கும்படி நிலைப்படுத்துகிறது. அதுவும் 30 முதல் 60 நிமிடங்களுக்குத்தான்.

10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி ஆம்பியூல்களாக வருகிறது. பிரிட்டிஷ் வழிகாட்டுதலின்படி 30 மில்லி, அதாவது மூன்று ஆம்பியூல், பத்து நிமிடத்தில் ஏற்ற வேண்டும். 10 மில்லியை சில நிமிடங்களில் கொடுத்துவிட்டு, தேவைக்கேற்ப மறுபடி கொடுக்கும் வழக்கமும் உள்ளது. எந்த முறை என்பதை அந்தந்த மருத்துவமனையின் நெறிமுறை தீர்மானிக்கும். கால்சியம் குளோரைடு என்று இன்னொரு மருந்தும் அலமாரியில் இருக்கலாம். அதே 10 மில்லியில் அதில் ஏறக்குறைய மூன்று மடங்கு கால்சியம் உண்டு. பெயர்ச்சீட்டைப் படிக்காமல் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுக்கக் கூடாது. இரண்டுமே நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் சதையை அழுகச் செய்துவிடும். எனவே முதலில் சலைன் செலுத்தி ஊசி நரம்புக்குள்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, மருந்து ஏறும் நேரம் முழுவதும் அந்த இடத்தில் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். சோடியம் பைகார்பனேட் போன அதே குழாயில் கால்சியம் கலந்தால் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து குழாயை அடைத்துவிடும். நோயாளி டிகாக்சின் சாப்பிடுபவரா என்று வீட்டாரிடம் கேட்டுச் சொல்வதும் செவிலியரின் பொறுப்பு. அப்படியானால் மருத்துவர் கால்சியத்தை அரை மணி நேரத்துக்கு நீட்டி மெதுவாக ஏற்றச் சொல்வார்.

நம் நோயாளிக்கு 9:50-க்குத் தொடங்கிய கால்சியம் 10 மணிக்கு முடிகிறது. ஐந்து நிமிடம் கழித்து எடுத்த ஈ.சி.ஜி.யில் க்யூ.ஆர்.எஸ். இரண்டரைக் கட்டத்துக்குச் சுருங்கியிருக்கிறது, மங்கலாகப் பி அலை தெரிகிறது, நாடி 66. மறு ஈ.சி.ஜி. எடுக்காமல் விட்டால் மருந்து வேலை செய்ததா, இன்னொரு முறை வேண்டுமா என்று தெரியவே தெரியாது. தாளில் நேரத்தை எழுதி முதல் தாளோடு சேர்த்துப் பின் செய்து வைக்கிறார் செவிலியர். பார்வைக்கு நோயாளி தேறிவிட்டார். ரத்தத்தில் பொட்டாசியம் அதே 7.6-தான்.

அதைக் குறைக்கும் முதல் வழி இன்சுலின். செல்லின் சவ்வில் உள்ள அந்தப் புரதத்தை முடுக்கிவிட்டு, வெளியே இருக்கும் பொட்டாசியத்தை உள்ளே அனுப்புகிறது. 10 யூனிட் ரெகுலர் இன்சுலின், கூடவே 25 கிராம் குளுக்கோஸ். குளுக்கோஸ் சேர்ப்பது சர்க்கரை தாழ்ந்துவிடாமல் இருப்பதற்காக. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லியில் அந்த 25 கிராம் இருக்கிறது, 50 சதவீதமானால் 50 மில்லி.

மிகப் பெரிய தவறுகள் நடப்பது இந்த இடத்தில்தான். இந்தியாவில் இன்சுலின் குப்பி இரண்டு வலிமைகளில் கிடைக்கிறது. ஒன்றில் மில்லிக்கு 40 யூனிட், மற்றதில் 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானதற்கு ஆரஞ்சு. 40 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை எடுத்தால் 0.25 மில்லி, அதாவது சரியாக 10 யூனிட். அவசரத்தில் 100 யூனிட் குப்பியைக் கையில் எடுத்து, அதே சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் உள்ளே வந்திருப்பது 25 யூனிட். சிரிஞ்ச் 10 என்றே காட்டும். சாதாரண 2 மில்லி சிரிஞ்சில் எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். 10 யூனிட் என்பதை 1 மில்லி என்று நினைத்தால் 40 குப்பியிலேயே நான்கு மடங்கு போய்விடும். அதனால் குப்பியின் சீட்டையும் சிரிஞ்சின் மூடியையும் இரண்டாவது செவிலியர் ஒருவர் தனியாகப் பார்த்து, அளவைத் தானாகச் சொல்ல வேண்டும். முதலாமவர் ‘பத்துதானே?’ என்று கேட்டு இரண்டாமவர் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது.

சரியான அளவு கொடுத்தாலும் சர்க்கரை தாழலாம். குளுக்கோஸ் சீக்கிரம் செலவழிந்துவிடும். இன்சுலினை உடைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு. அது கெட்டுப்போனவருக்கு இன்சுலின் வழக்கத்தைவிட நெடுநேரம் வேலை செய்துகொண்டே இருக்கும். சிகிச்சைக்கு முன் சர்க்கரை 126-க்குக் கீழே இருப்பவர், சர்க்கரை நோய் இல்லாதவர், எடை குறைந்தவர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். நம் நோயாளிக்கு 108. ஆகவே இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும் முடிந்ததும், 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மணிக்கு 50 மில்லி வீதம் ஐந்து மணி நேரத்துக்குத் தொடர்கிறார்கள். சர்க்கரையை 15, 30, 60, 90, 120-வது நிமிடங்களிலும் பிறகு மணிக்கு ஒரு முறையாக ஆறு மணி நேரம் வரையிலும் குத்திப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரம் நன்றாக இருந்ததே என்று மூன்றாவது மணியில் விடுவதுதான் வார்டுகளில் நடக்கும் தவறு. வேலை நேரம் மாறும்போது இந்தக் குறிப்பு வாய்மொழியாகப் போனால் தொலைந்துவிடும். நேரங்களை அட்டவணையில் முன்கூட்டியே எழுதிவைத்தால் அடுத்து வருபவர் நிரப்பிக்கொண்டே போகலாம்.

இன்சுலினோடு கூடவே சால்புடமால் நெபுலைசரும் வைக்கிறார்கள். ஆஸ்துமாவுக்கு 2.5 மில்லிகிராம் கொடுப்பார்கள். இங்கே 10 முதல் 20 மில்லிகிராம். 2.5 மில்லிகிராம் குப்பிகளை வைத்து 10 மில்லிகிராம் வேண்டுமென்றால் நான்கை உடைத்து ஊற்ற வேண்டும். நான்கா என்று பழக்கமில்லாதவர் தயங்குவது இயற்கை. ஆனால் ஒரு குப்பி இந்த வேலைக்குப் போதாது. இதய நோய் உள்ளவருக்கு 10-ஓடு நிறுத்திக்கொள்வார்கள், ஏனெனில் நாடி எகிறும், கை நடுங்கும். டயாலிசிஸ் நோயாளிகளில் சிலருக்கு இந்த மருந்து பலன் தருவதே இல்லை, அதனால் இதை மட்டும் நம்பி இருப்பதில்லை. பைகார்பனேட்டுக்கு ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கும்போது மட்டுமே இடம் உண்டு. சிறுநீர் போகிறவருக்கு ஃபுரோசமைட் உதவலாம். இவருக்குச் சிறுநீரே இல்லை. பொட்டாசியத்தைக் குடலில் பிடித்துக்கொள்ளும் பொடிகள் மெதுவாக வேலை செய்பவை, இந்த நேரத்தில் அவை துணை மருந்து மட்டுமே.

10:10-க்கு இன்சுலின் ஏறியது. அது வேலையைத் தொடங்கக் கால்மணி நேரம், முழு வீச்சுக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். 10:45-க்கு மானிட்டரில் க்யூ.ஆர்.எஸ். மறுபடி அகல்கிறது. புதிதாக எடுத்த தாளில் மூன்றரைக் கட்டம். கால்சியத்தின் பலம் தீரத் தொடங்கிவிட்டது, இன்சுலின் இன்னும் முழுதாகக் கைகொடுக்கவில்லை. இரண்டாவது முறை கால்சியம் கொடுக்கிறார்கள், கோடு மறுபடி ஒடுங்குகிறது. 11:10-க்கு பொட்டாசியம் 6.6. இன்சுலினால் வழக்கமாகக் குறைவது 0.6 முதல் 1 வரை, நெபுலைசரோடு சேர்ந்தால் சற்று அதிகம். இவருக்கு 1 குறைந்திருக்கிறது. 11:40-க்கு சர்க்கரை 88, 12:10-க்கு 64. நோயாளிக்கு வியர்க்கவில்லை, படபடப்பு இல்லை, பேசிக்கொண்டுதான் இருந்தார். குத்திப் பார்த்திராவிட்டால் தெரிந்திருக்காது. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்து, கால்மணி நேரத்தில் மறுபடி பார்த்து, 100-ஐத் தாண்டியது என்று உறுதி செய்கிறார்கள்.

இதுவரை செய்த எதுவும் உடலிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றவில்லை. செல்லுக்குள் தள்ளப்பட்டது நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் திரும்பி வரத் தொடங்கும். இவரைப் போன்றவருக்கு அதை வெளியே எடுக்கும் ஒரே உறுதியான வழி டயாலிசிஸ். முதல் ஈ.சி.ஜி.யைப் பார்த்த உடனேயே டயாலிசிஸ் பிரிவுக்குத் தகவல் போயிருக்க வேண்டும். இயந்திரத்தைக் கழுவி, டயாலிசிஸ் திரவம் தயார் செய்து, நோயாளியை இணைப்பதற்குள் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஓடிவிடும். மருந்துகள் வாங்கித் தருவது அந்த நேரத்தைத்தான். மானிட்டரும் ஆக்சிஜனும் அவசர மருந்துப் பெட்டியும் உடன்போக, ஒரு செவிலியர் துணையோடு 12:20-க்கு அவரை டயாலிசிஸ் பிரிவுக்கு மாற்றுகிறார்கள். சர்க்கரை அட்டவணையும் கூடவே போகிறது, ஏனெனில் ஆறு மணி நேரக் கணக்கு இன்னும் முடியவில்லை.

நான்கு மணி நேர டயாலிசிஸ் முடிந்ததும் எடுத்த ரத்தத்தில் 4. இயந்திரம் சுத்தம் செய்தது ரத்தத்தையும் அதை ஒட்டிய நீரையும்தான். செல்களுக்குள் ஒதுங்கியிருந்தது அடுத்த சில மணி நேரத்தில் கசிந்து வெளியே வரும், இன்சுலினும் சால்புடமாலும் உள்ளே அனுப்பியதும் அதில் சேரும். இரவு 10 மணிக்கு மறுபடி பார்த்தபோது 4.9. எதிர்பார்த்த ஏற்றம்தான். அது 6-ஐ நெருங்கியிருந்தால் மறுநாளே இன்னொரு டயாலிசிஸ் தேவைப்பட்டிருக்கும். மறுநாள் காலையில் மறுபடி ரத்தம், மறுபடி ஈ.சி.ஜி. மருந்துச் சீட்டில் டெல்மிசார்டன் இருந்தால் தொடரலாமா என்று சிறுநீரக மருத்துவரிடம் கேட்கிறார்கள். வீட்டில் என்ன உப்பு புழங்குகிறது, இளநீர் எத்தனை, பழம் எத்தனை என்று சமைப்பவரிடம் விசாரித்து எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த டயாலிசிஸ் தேதியை நோயாளியின் கையேட்டில் குறித்து, வெளியூர் போக நேர்ந்தால் அங்கே எந்த மையத்தில் செய்துகொள்வது என்பதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யச் சொல்கிறார்கள்.